மல்லிகை நடுமுன் போட வேண்டிய கணக்கு

தேனி சாலை ஊர்களிலிருந்து மதுரை வரும் அதிகாலைப் பேருந்துகள் ஆரப்பாளையம் நிலையத்தில் நிற்கும்போது, பயணிகளோடு மல்லிகைப் பைகளும் இறங்குகின்றன. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும் விவசாயி, அன்றைய விலையைக் கேட்ட பிறகுதான் தனக்கு லாபமா நஷ்டமா என்று யோசிக்கிறார். செடியை நட்டு, வளர்த்து, பறித்து, கொண்டுவந்தும் ஆகிவிட்டது. இனிச் செலவைக் குறைக்க வழி ஏது?

இதே கணக்கைத் தலைகீழாக, நடுவதற்கு முன்பே போடும் முறை ஒன்று உண்டு. என்ன விலை கிடைக்கும் என்பதை முதலில் எழுதி, அதில் வேண்டிய லாபத்தைக் கழித்தால், மீதிதான் நாம் செய்யத்தக்க செலவு. இதை இலக்குச் செலவு என்பார்கள். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1960-களிலேயே இம்முறையில் கார்களைத் திட்டமிட்டது. நம் மதுரையிலும் உதாரணம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் லென்சுகளைச் செய்ய 1992-ல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு லென்சின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. ஏழை நோயாளி தாங்கும் விலைக்குள் லென்ஸ் வேண்டும் என்பதே அதன் தொடக்கம்.

மல்லிகைக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். கத்தரியைப் போல ஒரு பருவத்தில் முடியும் பயிரல்ல இது. நட்ட செடி பத்தாண்டு வரை நம்மோடு இருக்கும். ஆகவே குழி வெட்டுவது முதல் கட்டையைத் தோண்டி எறிவது வரை உள்ள மொத்தச் செலவையும் பார்க்க வேண்டும். இது ஆயுட்காலச் செலவு.

விலையை எப்படி எழுதுவது?

25 சென்ட் நிலத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய 650 செடிகள் பிடிக்கும். கீழே தரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்தவை. உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டுக்கொள்ளவும்.

முழு மகசூல் வந்தபின் ஆண்டுக்கு 600 கிலோ என்போம். கோடையில் பூ குவியும்போது 450 கிலோ, கிலோ 200 ரூபாய். பூ குறைந்த மாதங்களில் 150 கிலோ, கிலோ 600 ரூபாய். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, சராசரி 400 ரூபாய் என்று எழுதுவோர் பலர். அது தவறு. கிடைக்கும் மொத்தப் பணம் 1,80,000 ரூபாய். அதை 600-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 300 ரூபாய்தான். விலை ஏறும் பொங்கல் நேரத்தில் நம் செடியில் பூ குறைவு என்பதை மறக்கலாகாது. நூற்றுக்குப் பத்து கமிஷன் போனால் கைக்கு வருவது 270 ரூபாய். கிலோவுக்கு 70 ரூபாய் லாபம் வேண்டுமானால், செலவு 200 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. இதுவே நம் இலக்கு.

பத்தாண்டுச் செலவு

முதல் ஆண்டுப் பூவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு 300 கிலோ, பிறகு எட்டு ஆண்டுகள் 600 கிலோ வீதம், மொத்தம் 5,100 கிலோ. இனிச் செலவு:

குழி, நாற்று, எரு, சொட்டு நீர்க் குழாய், முதல் ஆண்டுப் பராமரிப்பு: 60,000 ரூபாய்.
கவாத்து, உரம், களை, மருந்து, நீர், ஆண்டுக்கு 45,000 வீதம் ஒன்பது ஆண்டுகள்: 4,05,000 ரூபாய்.
பறிகூலி கிலோவுக்கு 100 வீதம்: 5,10,000 ரூபாய்.
மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக கிலோவுக்கு 20 வீதம்: 1,02,000 ரூபாய்.
முடிவில் கட்டையை அகற்றி நிலம் திருத்த: 10,000 ரூபாய்.

மொத்தம் 10,87,000 ரூபாய். கிலோவுக்கு 213 ரூபாய். இலக்கை விட 13 ரூபாய் அதிகம். வீட்டார் பறித்தாலும் பறிகூலியைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அவர்கள் வேறு வேலைக்குப் போனால் கூலி கிடைக்குமல்லவா? தொடக்கச் செலவைக் கடன் வாங்கிச் செய்தால் வட்டியையும் சேர்க்க வேண்டும்.

எங்கே குறைப்பது?

பணம் குறைக்க வேண்டும் என்றதும் பலருடைய கை நாற்றின் மீதுதான் போகிறது. நாற்று ஒன்றுக்கு 5 ரூபாய் மலிவாக வாங்கினால் மிச்சம் 3,250 ரூபாய். 5,100 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

அந்த மலிவு நாற்றில் வேர் நூற்புழு இருந்தால் என்ன ஆகும்? செடி வெளிறி, வளர்ச்சி குன்றி, தோட்டம் ஏழாம் ஆண்டோடு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பூ 3,300 கிலோதான். செலவு 7,36,000 ரூபாய். கிலோவுக்கு 223 ரூபாய். ஒரு ரூபாய்க்கும் குறைவாக மிச்சம் பிடிக்கப் போய்ப் பத்து ரூபாயை இழந்தோம். ஆகவே நாற்று வாங்கும்போது சிலவற்றின் வேரைக் கழுவிப் பார்க்கவும். சிறு முடிச்சுகள் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

நிலத் தேர்வும் அப்படியே. நீர் தேங்கும் களிமண்ணில் மல்லிகையின் வேர் அழுகும். களர் தன்மையுள்ள மண்ணில் இரும்புச் சத்துக் குறைந்து, நரம்பு பச்சையாகவும் இடையே இலை மஞ்சளாகவும் தெரியும். இரும்பு சல்பேட் கரைசலை அடிக்கடி தெளிக்க வேண்டிவரும். அந்தச் செலவு ஆண்டுதோறும் தொடரும். நடுமுன் மண் பரிசோதனை செய்தால் இதை முன்கூட்டியே அறியலாம்.

இலக்கை எட்ட உண்மையில் உதவுவது வேறு இரண்டு. ஒன்று, மார்க்கெட் பயணம். நாலைந்து பேர் அருகருகே நட்டு, பைகளைச் சேர்த்து ஒருவர் முறைவைத்துக் கொண்டுபோனால் கிலோவுக்கு 20 ரூபாய் 10 ஆகும். மற்றது, மருந்து. தேதி வைத்து அடிக்காமல், மொட்டில் துளையும் புழுவும் கண்ட பிறகே அடித்து, பாதித்த மொட்டுகளைக் கிள்ளி அழித்தால், ஆண்டுக்கு 5,000 ரூபாய் குறைகிறது என்போம். அது கிலோவுக்கு ஏறக்குறைய 9 ரூபாய். இரண்டும் சேர்ந்து செலவு 194 ரூபாய்க்கு இறங்கும். இலக்குக்குள் வந்துவிட்டோம்.

செலவில் பாதிக்குச் சற்றே குறைவு பறிகூலி. மொட்டு விரியுமுன் அதிகாலையில் பறித்தாக வேண்டும். எத்தனை கை கிடைக்கும் என்று பாராமல் அரை ஏக்கர் நட்டவர், கோடையில் ஆளின்றிப் பூவைச் செடியிலேயே விரிய விடுகிறார். எவ்வளவு நடுவது என்பதைப் பறிக்கும் கைகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். வரிசை நேராகவும் நடக்க வழியுள்ளதாகவும் இருந்தால் பறிப்பு விரையும். இவையெல்லாம் நடும் நாளில் முடிவாகிறவை. செடி வேர் பிடித்த பிறகு மாற்ற முடியாது.

ஒரு எச்சரிக்கை. விலை நம் கையில் இல்லை. ஆகவே விலையை 270 ரூபாயாக வைத்து இன்னொரு முறை கணக்குப் பார்க்கவும். கமிஷன் போகக் கைக்கு 243 ரூபாய். 194 ரூபாய்ச் செலவில் நடத்துபவருக்கு 49 ரூபாய் மிஞ்சும். 223 ரூபாயில் நடத்துபவருக்கு 20 ரூபாய்தான். அந்த 20 ரூபாய் போதாது என்று தோன்றினால், வரவேண்டிய முடிவு ஒன்றே. குழி வெட்டுமுன் நிலத்தையோ பரப்பையோ மாற்றுங்கள், அல்லது பயிரையே மாற்றுங்கள். காகிதத்தில் அடித்துத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும். நட்டபின் திருத்துவதற்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும்.