அரை மதிப்பெண்ணின் ஓரவஞ்சனை

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு டைவிங் போட்டியில் சீனாவின் ஷியோங் நீ 708.72 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றார். மெக்சிகோவின் ஃபெர்னாண்டோ பிளாட்டாஸுக்குக் கிடைத்தது 708.42. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது 0.30 புள்ளி. ஓட்டப்பந்தயமாக இருந்தால் கடிகாரம் தீர்ப்புச் சொல்லியிருக்கும். டைவிங்கில் தீர்ப்புச் சொல்வது மனிதக் கண். அந்தக் கண் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒரு வீரரின் பல ஆண்டு உழைப்பு தண்ணீரோடு போய்விடும்.

இதைத் தடுக்க டைவிங்கில் ஓர் ஏற்பாடு உண்டு. தனிநபர் போட்டிகளில் ஏழு நடுவர்கள் தனித்தனியே பூஜ்யம் முதல் பத்து வரை, அரை அரையாக மதிப்பெண் போடுகிறார்கள். இன்றைய விதிப்படி அவற்றில் மேலே உள்ள இரண்டையும் கீழே உள்ள இரண்டையும் அடித்துவிடுவார்கள். நடுவில் மிஞ்சும் மூன்றைக் கூட்டி, அந்தப் பாய்ச்சல் எவ்வளவு கடினமானது என்பதற்கான எண்ணால் பெருக்குவார்கள். சிட்னியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மதிப்பெண்களைத்தான் நீக்கினார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கடின எண் 3.0 உள்ள ஒரு பாய்ச்சலுக்கு ஏழு பேரும் நேர்மையாகப் போட்ட மதிப்பெண்கள் 7.0, 7.5, 7.5, 7.5, 7.5, 8.0, 8.0 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மிஞ்சுவது மூன்று 7.5. கூட்டினால் 22.5, மூன்றால் பெருக்கினால் 67.5 புள்ளி.

இப்போது 7.5 போட வேண்டிய ஒரு நடுவர், பாய்ந்தவர் தன் நாட்டுக்காரர் என்பதால் 9.5 போடுகிறார். அந்த 9.5 அடிபட்டுவிடும். அப்படியானால் ஓரவஞ்சனை தோற்றுவிட்டதா? இல்லை. அவர் வரிசையின் நடுவிலிருந்து உச்சிக்குப் போய்விட்டதால், மேலே இருந்த ஒரு 8.0 இறங்கி நடுவுக்கு வந்துவிடுகிறது. மிஞ்சுவது 7.5, 7.5, 8.0. புள்ளி 69.0 ஆகிறது. ஒன்றரைப் புள்ளி கூடிவிட்டது. சிட்னியில் தங்கத்தைத் தீர்மானித்த இடைவெளியைப் போல இது ஐந்து மடங்கு. எதையும் நீக்காமல் ஏழின் சராசரியை எடுத்திருந்தால் ஏறத்தாழ 2.6 புள்ளி கூடியிருக்கும். ஆக, நீக்கும் முறை தீங்கைக் குறைக்கிறது. அடியோடு போக்கிவிடுவதில்லை.

அதே நடுவர் 9.5 போடாமல் வெறும் 8.0 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 69.0தான் வரும். 9.5 போட்டால் அரங்கமே முணுமுணுக்கும். 8.0 போட்டால் எவர் கண்ணிலும் படாது. பலன் இரண்டுக்கும் ஒன்று. கடைசி மதிப்பெண்களை நீக்கும் விதி கூச்சல் போடுகிற பாரபட்சத்தைத்தான் பிடிக்கிறது. காதோடு காதாகக் கிசுகிசுக்கும் பாரபட்சம் அதன் கைக்குள் சிக்குவதில்லை.

கூட்டுச் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். மேலே இரண்டு மதிப்பெண்கள்தானே நீங்குகின்றன? நேர்மையாக 7.5 போட்டிருக்க வேண்டிய மூன்று நடுவர்கள் பேசிவைத்து 9.0 போட்டால், இரண்டு நீங்கி மூன்றாவது 9.0 கணக்குக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். மிஞ்சுவது 8.0, 8.0, 9.0. நியாயமாக 67.5 பெற வேண்டிய பாய்ச்சல் 75.0 பெறும்.

ஒரே பாய்ச்சலை வைத்து இந்தக் கிசுகிசுப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அரை மதிப்பெண் வித்தியாசம் யாருக்கும் வரக்கூடியது. பல பாய்ச்சல்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். ஓர் இறுதிப் போட்டியில் 12 வீரர்கள், ஆளுக்கு ஆறு பாய்ச்சல்கள் என்றால் ஒரு நடுவர் 72 முறை மதிப்பெண் போடுகிறார். ஒவ்வொரு முறையும் அவர் போட்டது மற்ற ஆறு பேரின் சராசரியைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். அவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அவருடைய சாய்வில் ஏழில் ஒரு பங்கு அதற்குள்ளேயே கரைந்து மறைந்துவிடும்.

இங்கே ஒரு நியாயத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் 0.3 குறைத்தே போடுகிற நடுவர் கண்டிப்பானவர், அவ்வளவுதான். எவருக்கும் அவர் துரோகம் செய்யவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பவர்தான் குற்றவாளி. உதாரணமாக, பிற நாட்டவரின் 60 பாய்ச்சல்களில் அவர் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.1 குறைத்துப் போடுகிறார். தன் நாட்டு வீரர் இருவரின் 12 பாய்ச்சல்களில் 0.3 கூட்டிப் போடுகிறார் என்றால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி 0.4. பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

இது தற்செயலாகவும் வரலாமே என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. விடையும் எளிது. 72 வித்தியாசங்களையும் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு 12 சீட்டுகளை எடுக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முறை கணினியில் செய்து பார்த்து, 0.4 இடைவெளி எத்தனை முறை தானாக வருகிறது என்று எண்ணலாம். அடிக்கடி வந்தால் அவரை விட்டுவிட வேண்டும். அபூர்வமாகத்தான் வருகிறது, அடுத்தடுத்த போட்டிகளிலும் அதே சாய்வு தெரிகிறது என்றால் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் எமர்சனும் அவருடைய சகாக்களும் சிட்னி டைவிங்கின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை இப்படித் தன் நாட்டவர், பிற நாட்டவர் என்று பிரித்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். சில நடுவர்களின் சாய்வு தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

இந்தச் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த மதிப்பெண்ணை யார் போட்டார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். பனிச்சறுக்கு நடனம் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் ஜோடிப் போட்டியில் ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ரஷ்ய ஜோடியையும் நால்வர் கனடா ஜோடியையும் முதலாவதாக வைத்தார்கள். பிரெஞ்சு நடுவர் நெருக்கடிக்கு உள்ளாகி வாக்களித்தார் என்ற புகார் வெடித்து, கடைசியில் கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் வந்த சீர்திருத்தத்தில் உச்ச, தாழ்ந்த மதிப்பெண்களை நீக்கிச் சராசரி எடுக்கும் முறை வந்தது. கூடவே, நெருக்கடியிலிருந்து காப்பதற்கென்று நடுவர்களின் பெயர்களை மதிப்பெண்களிலிருந்து மறைத்தார்கள். பொருளியலாளர் எரிக் ஸிட்செவிட்ஸ் கணக்கிட்டுப் பார்த்தபோது, தன் நாட்டு நடுவர் குழுவில் இருப்பதால் ஒரு வீரருக்குக் கிடைக்கும் அனுகூலம் குறையவே இல்லை, கூடியிருந்தது. திரை நடுவரைக் காத்தது, வீரரைக் காக்கவில்லை. 2016இல்தான் அந்தத் திரையை விலக்கினார்கள்.

ஒப்பிடும் முறைக்கும் எல்லை உண்டு. பெயர்பெற்ற வீரர் என்றதும் ஏழு பேருமே அரை மதிப்பெண் கூட்டிப் போட்டால், அவர்களுக்குள் ஒற்றுமை அழகாகத் தெரியும், தவறு தெரியாது. ஒத்துப்போவது வேறு, சரியாக இருப்பது வேறு. அதற்குக் காணொளியைப் பிற்பாடு நிதானமாகப் பார்த்து வேறொரு குழு மதிப்பெண் போடுவதுதான் வழி.

ஆனாலும் நடுவரின் பெயரோடு மதிப்பெண்களை வெளியிடுவதும், போட்டி முடிந்ததும் வித்தியாசங்களைக் கூட்டிப் பார்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அல்ல. அரை மதிப்பெண் கூட்டிப் போடும் கை, அந்த அரை எங்கோ ஒரு பேரேட்டில் தன் பெயருக்கு நேரே பதிவாகிறது என்று தெரிந்தால் ஒரு கணம் தயங்கும். பலகையின் நுனியில் நிற்கும் வீரருக்கு அந்தத் தயக்கத்தையாவது நாம் கொடுக்க வேண்டும்.