ஹப், சுவிட்ச், ரவுட்டர்: எது எதைப் படிக்கிறது, எதை மாற்றுகிறது?

கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: "ஹப், சுவிட்ச், ரவுட்டர் மூன்றும் ஒரு கேபிளில் வந்ததை இன்னொரு கேபிளில் அனுப்புகின்றன. பார்க்கவும் ஒன்றுபோல்தான் இருக்கின்றன. எது எதை அனுப்புகிறது, எப்படி வேறுபடுகிறது?"

ஹப் முதல் அடுக்கு, சுவிட்ச் இரண்டாம் அடுக்கு, ரவுட்டர் மூன்றாம் அடுக்கு என்று உங்கள் பாடப்புத்தகம் சொல்லியிருக்கும். அது சரிதான். ஆனால் அந்த எண்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு கருவியைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அனுப்பும் முன் அது எதைப் படிக்கிறது? அனுப்பும்போது எதை மாற்றுகிறது?

ஓர் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் உங்கள் கணினியின் ஐபி முகவரி 192.168.1.10. தோழியின் கணினி 192.168.1.20. வெளியே போகும் வழியில் இருக்கும் ரவுட்டர் 192.168.1.1. ஐபி முகவரி போக, ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் கார்டுக்கும் ஒரு மேக் முகவரி உண்டு. நீங்கள் அனுப்பும் தகவல் முதலில் ஐபி முகவரிகள் எழுதிய பாக்கெட் ஆகிறது. அந்தப் பாக்கெட் அப்படியே மேக் முகவரிகள் எழுதிய ஃபிரேமுக்குள் வைக்கப்படுகிறது. கேபிளில் ஓடுவது அந்த ஃபிரேம்தான்.

நடுவில் இருப்பது ஹப் என்றால், அதற்கு ஃபிரேமும் தெரியாது, பாக்கெட்டும் தெரியாது. ஒரு போர்ட்டில் வந்த மின்சமிக்ஞையைப் புதுப்பித்து, மற்ற எல்லா போர்ட்டுகளிலும் விட்டுவிடுகிறது. தோழிக்கு அனுப்பியது ஆய்வகத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் போகிறது. தனக்கு வராததை அவரவர் நெட்வொர்க் கார்டு ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்காமல் படிக்க நினைப்பவரை ஹப்பால் தடுக்க முடியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் சமிக்ஞைகள் மோதிச் சிதையும். இருவரும் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். அதனால் 10 எம்பிபிஎஸ் ஹப்பில் எட்டுக் கணினிகள் இருந்தால், அந்த 10 எம்பிபிஎஸ் எட்டுக்கும் பொது. ஹப் எதையும் படிப்பதில்லை, எதையும் மாற்றுவதில்லை.

அந்த இடத்தில் சுவிட்சை வையுங்கள். அது ஃபிரேமின் தலைப்பில் இருக்கும் இரண்டு மேக் முகவரிகளைப் படிக்கிறது. அனுப்புநர் முகவரி, எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொள்ள. பெறுநர் முகவரி, எந்தப் போர்ட்டில் அனுப்புவது என்று முடிவுசெய்ய.

நீங்கள் தோழியின் கணினிக்கு ping கொடுக்கிறீர்கள். அவர் ஐபி முகவரி தெரியும், மேக் முகவரி தெரியாது. எனவே உங்கள் கணினி, "192.168.1.20 யார்?" என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வியை அனுப்புகிறது. இதற்கு ஏஆர்பி என்று பெயர். சுவிட்ச் அதை எல்லா போர்ட்டுகளிலும் அனுப்புகிறது. கூடவே, உங்கள் மேக் முகவரி 1-ஆம் போர்ட்டில் இருப்பதாகத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. 3-ஆம் போர்ட்டில் இருக்கும் தோழியின் கணினி பதில் தருகிறது. அதையும் குறித்துக்கொண்டு, பதிலை உங்கள் போர்ட்டுக்கு மட்டும் விடுகிறது. அதன் பிறகு உங்கள் இருவருக்கும் இடையே போகும் ஃபிரேம்கள் மற்றவர்களின் கேபிளைத் தொடுவதில்லை. பெறுநர் முகவரி அட்டவணையில் இல்லாவிட்டால் மட்டும், ஹப்பைப் போலவே எல்லாப் பக்கமும் அனுப்புகிறது. அந்தக் குறிப்புகளும் நிரந்தரமல்ல. பல சுவிட்சுகளில் ஒரு கணினி 5 நிமிடம் பேசாமல் இருந்தால் அதன் வரி அழிந்துவிடும்.

ஆக, சுவிட்ச் ஃபிரேமைப் படிக்கிறது. ஆனால் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. நீங்கள் அனுப்பிய ஃபிரேம்தான் தோழியிடம் போய்ச் சேர்கிறது.

இப்போது ஆய்வகத்துக்கு வெளியே இருக்கும் 203.0.113.5 என்ற சர்வரோடு பேச வேண்டும். இது பாடங்களில் உதாரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி. அது தன் நெட்வொர்க்கில் இல்லை என்பதை உங்கள் கணினியே கணக்கிட்டுவிடும். எனவே சர்வரின் மேக் முகவரியை அது தேடுவதில்லை, ரவுட்டருடைய மேக் முகவரியைக் கேட்கிறது. பிறகு புறப்படும் ஃபிரேமில் பெறுநர் ரவுட்டர். உள்ளே இருக்கும் பாக்கெட்டில் பெறுநர் சர்வர். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ரவுட்டர் அந்த ஃபிரேமைப் பிரித்து எறிந்துவிடுகிறது. பாக்கெட்டை எடுத்து, பெறுநர் ஐபி முகவரியைத் தன் வழி அட்டவணையில் தேடுகிறது. பாக்கெட்டில் TTL என்ற எண்ணை ஒன்று குறைக்கிறது. அடுத்த ரவுட்டருக்கு ஏற்ற புதிய மேக் முகவரிகளோடு புதிய ஃபிரேம் ஒன்றைச் செய்து, பாக்கெட்டை அதில் வைத்து அனுப்புகிறது. வழியில் எத்தனை ரவுட்டர்கள் உண்டோ அத்தனை முறை ஃபிரேம் புதிதாகப் பிறக்கும்; பாக்கெட் மட்டும் கடைசிவரை போகும். "192.168.1.20 யார்?" போன்ற பொதுக் கேள்விகளை ரவுட்டர் தாண்ட விடுவதில்லை.

இதை நீங்களே சரிபார்க்கலாம். தோழியின் கணினிக்கு ஒரு முறையும், ஏதாவது ஓர் இணையதளத்துக்கு ஒரு முறையும் ping கொடுத்த பின் இந்தக் கட்டளையைத் தட்டுங்கள்:

```
arp -a
```

பட்டியலில் தோழியின் மேக் முகவரி இருக்கும், ரவுட்டருடையது இருக்கும். இணையதளத்தின் சர்வருக்கு வரியே இருக்காது. தோழியின் கணினி ping-க்குப் பதில் தராவிட்டாலும் அதன் மேக் முகவரி பட்டியலில் வந்துவிடும். ஃபயர்வால் பெரும்பாலும் ping-ஐத் தடுக்குமே தவிர ஏஆர்பியைத் தடுக்காது. ping பதிலில் வரும் TTL எண்ணையும் பாருங்கள். லினக்ஸ் வழக்கமாக 64-லிலும் விண்டோஸ் 128-லிலும் தொடங்கும். தோழியிடமிருந்து வரும் பதிலில் அந்த எண் குறையாமல் இருக்கும். இடையில் எத்தனை சுவிட்ச் இருந்தாலும் அப்படித்தான். வெளியிலிருந்து 57 என்று வந்தால், 64-லிருந்து புறப்பட்டு ஏழு ரவுட்டர்களைக் கடந்திருக்கலாம்.

வீட்டில் நாம் ரவுட்டர் என்று அழைக்கும் பெட்டி உங்களைக் குழப்பலாம். அதன் பின்னால் இருக்கும் லேன் போர்ட்டுகள் பெரும்பாலும் ஒரு சுவிட்ச். இணையத்துக்கான போர்ட்டுக்கும் அந்த சுவிட்சுக்கும் நடுவில்தான் ரவுட்டர் இருக்கிறது. லேன் போர்ட்டுகளில் செருகிய இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும்போது ரவுட்டர் பகுதிக்கு வேலையே இல்லை. வெளியே போகும்போது அந்தப் பெட்டி பாக்கெட்டின் அனுப்புநர் ஐபி முகவரியையும் மாற்றும். அது ரவுட்டரின் அடிப்படை வேலையல்ல, வீட்டுப் பெட்டிகளில் சேர்க்கப்பட்ட கூடுதல் வேலை.

சுவிட்ச் எதையும் மாற்றாமல் இருப்பதன் விலை, கேபிளைத் தவறாகச் செருகும்போது தெரியும். இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே தெரியாமல் இரண்டு கேபிள்களைச் செருகினால், ஒரு பொதுக் கேள்வி ஒன்றின் வழியே போய் மற்றொன்றின் வழியே திரும்பி வரும், மறுபடி போகும். ஃபிரேமில் TTL கிடையாது, குறைப்பவரும் கிடையாது. சில நொடிகளில் எல்லா போர்ட்டுகளின் விளக்குகளும் ஒன்றாக வெறிபிடித்ததுபோல் மின்னும். ஆய்வகம் முழுவதும் நெட்வொர்க் முடங்கும். ஒரு கேபிளைப் பிடுங்கினால் சரியாகிவிடும். இந்தச் சிக்கலுக்காக ராடியா பெர்ல்மன் 1985-இல் டெக் நிறுவனத்தில் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். சுவிட்சுகள் தமக்குள் பேசி, வட்டத்தை உண்டாக்கும் இணைப்பை அடைத்துவைக்கும். விலை குறைந்த பல சுவிட்சுகளில் அந்த வசதி இல்லை.

ரவுட்டர்களுக்கிடையே அதே வட்டம் ஏற்பட்டால், பாக்கெட் சுற்றும் ஒவ்வொரு முறையும் TTL குறையும். பூஜ்யமானதும் ரவுட்டர் பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். விண்டோஸ் திரையில் அது "TTL expired in transit" என்று வரும். அந்த வரியைப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு ரவுட்டர்களின் வழி அட்டவணையில். விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னினால், முதலில் சுவிட்சில் செருகிய கேபிள்களைப் பாருங்கள்.