கமெரா காட்டிய நேரம் பொய், நடந்தது மெய்

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். யுத்தத்தில் கணவரை இழந்து, வன்னியிலிருந்து பிள்ளையோடு அண்ணன் வீட்டு லயத்துக்குத் திரும்பி வந்தவர். இன்று அந்தப் பிள்ளை ஓட்டும் முச்சக்கரவண்டியில்தான் குடும்பம் ஓடுகிறது. ஒரு மாலை, தலவாக்கலையிலிருந்து வரும் வழியில் ஒரு வளைவில் லொறியொன்று அந்த வண்டியில் மோதியது. மகனின் கால் முறிந்தது. முச்சக்கரவண்டிதான் பிழையான பக்கத்தில் வந்தது என்றார் லொறிச் சாரதி.

வண்டியின் முன் கண்ணாடியில் சிறிய கமெரா ஒன்று இருந்தது. மோதல் அதில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. ஆனால் படத்தின் மூலையில் இரவு 9.15 என்று இருந்தது. விபத்து நடந்ததோ மாலை 6.40 அளவில். “இது வேறு நேரத்து வீடியோ” என்று மறுதரப்பினர் சொல்லிவிட்டார்கள். அக்கா அழுதபடி என்னிடம் வந்தார்.

காரணம் சிறியது. இந்தக் கமெராக்களில் பல சீனாவிலிருந்து வருகின்றன. கடிகாரத்தை மாற்றாமல் பூட்டினால் அது சீன நேரத்தையே காட்டும். சீன நேரம் இலங்கை நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முந்தியது. அத்தோடு மலிவான கடிகாரங்கள் மெல்ல மெல்ல விலகியும் போகும்.

கடிகாரத்தை உடனே சரிசெய்யத்தான் எவருக்கும் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. எவ்வளவு பிழையாக ஓடியது என்ற சாட்சியே அதோடு அழிந்துவிடும். நாங்கள் முதலில் மெமரி கார்டைக் கழற்றினோம். பிறகு கமெராவை இயக்கி, அதன் திரையையும் வலையமைப்பிலிருந்து நேரம் பெறும் கைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்னொரு கைபேசியால் படம் எடுத்தோம். கமெரா 11:37:20 காட்டியது. கைபேசி 09:03:10 காட்டியது. வித்தியாசம் 2 மணி 34 நிமிடம் 10 விநாடி.

மோதல் பதிவான கோப்பின் பெயரில் கடைசி ஆறு இலக்கங்கள் 211330. அதாவது அது தொடங்கியது 21:13:30க்கு. மோதல் வருவது தொடங்கி 2 நிமிடத்தில், 21:15:30க்கு. வித்தியாசத்தைக் கழித்தால் மாலை 6 மணி 41 நிமிடம் 20 விநாடி. பின்னால் வந்தவர் 1990 அம்புலன்சுக்கு அழைத்தது 6.44க்கு என்று அவருடைய கைபேசியில் இருந்தது. இரண்டும் பொருந்தின. படத்தில் வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்ததும் 9 மணி அல்ல என்பதைக் காட்டியது.

எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது. கமெராவின் உள் பற்றரி நல்ல நிலையில் இருந்தது. பற்றரி செத்த கமெராவில் மின்சாரம் நின்றதும் கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி முதலாம் திகதிக்குப் போய்விடும். பிறகு கழித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே முடிந்தால் விபத்து நடந்த இடத்திலேயே, கமெரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் படத்தை எடுத்துவிட்டு, உடனே அதை நிறுத்துங்கள். ஓடவிட்டால் சில மணித்தியாலங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

கார்டிலிருந்து கோப்பைக் கார்ட் ரீடர் மூலம் கணினியில் முழுமையாகப் பிரதி எடுங்கள். முன்னும் பின்னும் உள்ள கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். வெட்டவோ, பெயரை மாற்றவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கும், பழைய பெயரும் நேரமும் போய்விடும். பார்க்க அனுப்பலாம், சாட்சியாக வைக்க அது உதவாது. இரண்டு பென்டிரைவ்களில் பிரதியை வைத்து, மூலக் கார்டை உறையிலிட்டு ஒட்டி, திகதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதி ஒப்பமிடுங்கள். அந்தக் கார்டை மறுபடி கமெராவில் போடக்கூடாது.

பிரதி மாறவில்லை என்று காட்ட, விண்டோஸ் கணினியில் கோப்பு உள்ள இடத்தில் கட்டளைத் திரையைத் திறந்து, கோப்பின் பெயரோடு இதைத் தட்டச்சு செய்யலாம்:

```
certutil -hashfile video.mp4 SHA256
```

நீண்ட எண்ணெழுத்து வரிசை ஒன்று வரும். கார்டிலுள்ள கோப்புக்கும் பிரதிக்கும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். ஓர் எழுத்து வேறானாலும் கோப்பு மாறியிருக்கிறது. அந்த வரிசையைக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி, இத்தகைய பதிவை நீதிமன்றில் முன்வைக்கலாம். ஆனால் விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன் மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இயந்திரம் சரியாக வேலை செய்ததா, பதிவில் கை வைக்கப்பட்டதா என்ற கேள்விகளும் வரும். ஆகவே வித்தியாசத்தை மறைக்காமல், படத்தோடும் கணக்கோடும் சட்டத்தரணியிடம் முதலிலேயே ஒப்படையுங்கள்.

அக்காவின் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் நேரத்தைப் பற்றிய பேச்சை மறுதரப்பு விட்டுவிட்டது. எந்தப் பக்கத்தில் யார் வந்தார் என்பதைத்தான் இப்போது பார்க்கிறார்கள். அதைப் படம் காட்டுகிறது. “கடதாசி எல்லாம் அங்கேயே போச்சு தங்கச்சி, இதையாவது பத்திரமா வச்சிருக்கேன்” என்று, ஒட்டிய உறையை அரிசி டின்னுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் காட்டினார். ஈரம் படாத உயரமான இடத்துக்கு அதை மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.