வழவழப்பான பக்கம் மேலேயா, கீழேயா?

ரெடிமேட் லிண்டல், உறை, மூடி ஸ்லாப் வாங்கிப் போடலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. போடலாம். ஆனா ஒரு விஷயம் தெரியாம போடக்கூடாது. அதை ஸ்ரீரங்கத்துல நான் பார்த்த ஒரு வேலையை வச்சே சொல்றேன்.

உத்தர வீதியை ஒட்டின ஒரு சந்து. லாரி உள்ளே வராது. செப்டிக் டேங்குக்கு 5 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குல கனத்துல மூடி ஸ்லாப் வாங்கியிருந்தோம். ஒண்ணு ஏறக்குறைய 170 கிலோ. குட்டி யானையில சந்து முனை வரைக்கும் வந்து, அங்கேயிருந்து ஆட்கள் தூக்கிட்டு வந்தாங்க. பாதி ஸ்லாப்பை இறக்கி வச்சபோது, வழவழன்னு இருந்த பக்கம் மேலே இருந்துச்சு. பார்க்க அழகா இருக்குன்னு கொத்தனாரும் அப்படியே விட்டுட்டார்.

அங்கதான் தப்பு. ஸ்லாப்பைத் தகட்டு மேலயோ பலகை மேலயோ வார்ப்பாங்க. அச்சைத் தொட்ட அடிப்பக்கம்தான் வழவழப்பா வரும். மணியாசுக்கட்டை போட்ட மேல்பக்கம் சொரசொரப்பா இருக்கும். கம்பிவலை அடிப்பக்கத்துக்குப் பக்கத்துலதான் கிடக்கும். காரணம் சுலபம்: மேலே பாரம் ஏறினா ஸ்லாப்போட அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தை நல்லா தாங்கும். இழுவையில அதுல ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான் தாங்கும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கம்பி. தலைகீழாப் போட்டா கம்பி வேலை செய்யாத இடத்துல போயிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. தலைகீழா போட்ட ஸ்லாப் அன்னைக்கே உடையாது. வெடிப்பு இல்லாத வரைக்கும் கான்கிரீட்டே கொஞ்சம் தாங்கும். கண்ணுக்குத் தெரியாத முடி வெடிப்பு ஒண்ணு விழுந்துட்டா, அடியில பிடிச்சு நிறுத்தக் கம்பி இல்லாததால, சட்டுனு இரண்டா போகும். கீழே செப்டிக் டேங்க். விழுறவருக்கு ஆழத்தோட விஷவாயுவும் சேர்ந்து ஆபத்து.

அந்த முடி வெடிப்பு பெரும்பாலும் தூக்கும்போதே விழும். நடுவுல ஒரே கயிறு கட்டித் தூக்கினா இரண்டு முனையும் தொங்கும், மேல்பக்கம் இழுபடும், அங்கே கம்பி கிடையாது. வார்த்து மூணு நாலு நாள்தான் ஆச்சுன்னா இது இன்னும் மோசம். அதனால கயிறை இரண்டு இடத்துல கட்டணும். நீளத்துல ஐந்துல ஒரு பங்கு, ஒவ்வொரு முனையிலிருந்தும் உள்ளே. 5 அடி ஸ்லாப்புக்கு 1 அடி. வண்டியில அடியில வைக்கிற கட்டையும் அதே இடத்துலதான், ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேரா. 170 கிலோவுக்கு ஆறு பேர் வேணும். நாலு பேரை வச்சு சமாளிக்கப் பார்த்தா இறக்கும்போது ‘தொப்’புனு போடுவாங்க. கொக்கியில மாட்டித் தூக்கினா, கயிறு படுத்துக் கிடக்காம நிமிர்ந்து நிக்கணும். தரையிலிருந்து 30 டிகிரிக்குப் படுத்தா, இரண்டு கயிறுல ஒவ்வொண்ணும் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும்.

லிண்டலுக்கும் இதே கதைதான். 3 அங்குல லிண்டலைப் பார்த்தா மேல்கீழ் தெரியாது. வார்க்கிற அன்னைக்கே ‘மேல்’னும் தேதியும் பெயிண்ட்ல எழுதச் சொல்லுங்க. இரண்டு பக்கமும் 6 அங்குலம் சுவர்ல உட்காரணும். மெல்லிசான லிண்டல் தனியா பாரம் தாங்காது; மேல கட்டுற செங்கல்லோட சேர்ந்துதான் தாங்கும். அந்தக் கட்டு இறுகுற வரைக்கும் நடுவுல முட்டு இருக்கட்டும்.

உறையில மேல்கீழ் சிக்கல் அவ்வளவு இல்லை. 3 அடி உள்விட்டம், 1 அடி உயரம், 2 அங்குல கனம் உள்ள உறை 110 கிலோ வரும். ஆட்கள் அதை உருட்டிக்கிட்டே வருவாங்க, விளிம்பு உடைஞ்சிடும். உடைஞ்ச இணைப்பு வழியா ஸ்ரீரங்கத்து ஆத்து மணல் உள்ளே ஒழுகும். வெளியே தரை இறங்கும்.

வாங்கும்போது மூணு சோதனை. தேதி பாருங்க: நல்லா நீராற்றி 28 நாள் ஆனதுதான் நல்லது. சுத்தியலால லேசா தட்டுங்க: ‘கணீர்’னா சரி, ‘மொத்’துனா உள்ளே பொத்தல் இருக்கலாம். தண்ணி ஊத்தி, காயவிட்டுப் பாருங்க: மத்த இடம் உலர்ந்த பிறகும் ஒரு ஈரக்கோடு நின்னா, அது வெடிப்பு.

எங்க ஸ்லாப்ல அந்தக் கோடு குறுக்கே நடுவுல நின்னுச்சு. டேங்க் மேல போடலை. தரையில இரண்டு முனைக்கும் கட்டை வச்சு, வழவழப்பு மேலே இருந்த அதே நிலையில, 50 கிலோ மணல் மூட்டையா அடுக்கினோம். ஆறாவது மூட்டைக்கு இரண்டாப் போச்சு. கம்பி மேல்பக்கம் ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. வெடிப்பில்லாத இன்னொரு ஸ்லாப்பை சரியாத் திருப்பிப் போட்டு எட்டு மூட்டை ஏத்தினோம். ஒரு நாள் முழுக்க அசையலை. இது நடக்கிற ஆட்களுக்கான ஸ்லாப் மட்டும்தான். பைக், கார் நிறுத்துற இடம்னா கனமும் கம்பியும் வேற; அதை இன்ஜினியர்கிட்ட கேட்டுத்தான் போடணும்.

மீதி ஸ்லாப்பையெல்லாம் சொரசொரப்பு மேலே வர்ற மாதிரி திருப்பினோம். அழகு குறைச்சல்தான். மழையில கால் வழுக்காதுங்கிறது கூடுதல் லாபம்.