மணி அடித்தால் அடுத்த நாற்காலி

ஸ்பீட் நெட்வொர்க்கிங் என்பது தொழில்துறைக் கூட்டத்துக்கு வந்தவர்களை இருவர் இருவராக எதிரெதிரே உட்காரவைத்து, சில நிமிடம் பேசவிட்டு, மணி அடித்ததும் ஜோடி மாற்றும் ஏற்பாடு. மனிதர்கள் தாமாக இதைச் செய்வதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்ரம், மைக்கேல் மாரிஸ் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொழில் விருந்துக்கு வந்தவர்களின் உடையில் மின்னணு அட்டை பொருத்தி யார் யாருடன் பேசினார்கள் என்று பதிவு செய்தார்கள். புதியவர்களைச் சந்திக்கவே வருவதாகச் சொன்னவர்களும் ஏற்கெனவே தெரிந்தவர்களையே அதிகம் நாடினார்கள்.

24 பேர் வரும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பாதிப் பேர் சிறுதொழில் நடத்துபவர்கள். மீதிப் பேர் கணக்காளர், வழக்கறிஞர், வடிவமைப்பாளர் போன்றவர்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் சந்திக்க வேண்டுமென்றால் 23 சுற்று தேவை. சுற்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம்தான் குறையும். அதற்குள் தொண்டை கட்டிவிடும். அதனால் 12 நாற்காலி உள்வட்டம், அதைச் சுற்றி எதிர்முகமாக 12 நாற்காலி வெளிவட்டம் என்று போடுவது வழக்கம். உள்ளே இருப்பவர்கள் நகர்வதில்லை. வெளியே இருப்பவர்கள் மணிக்கொரு முறை வலப்பக்கம் ஓரிடம் தள்ளுகிறார்கள். நேர்வரிசையாகப் போட்டால் கடைசி ஆள் ஒவ்வொரு முறையும் அறையின் மறுகோடிக்கு நடக்க வேண்டும், அவர் வரும்வரை ஒருவர் வெறுமனே காத்திருப்பார். வட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு உள்வட்டம்.

இந்த அமைப்பில் ஒரே வட்டத்தில் இருப்பவர்கள் கடைசிவரை சந்திக்கவே மாட்டார்கள். இது குறைபோலத் தோன்றினாலும், ஏற்பாட்டாளருக்குக் கிடைக்கும் நல்ல கருவி இதுதான். ஒரே அலுவலகத்தார், ஒரே தொழிலில் போட்டியிடுபவர்கள், ஏற்கெனவே நண்பர்கள் ஆகியோரை ஒரே வட்டத்தில் வைத்துவிட்டால் வீணான சந்திப்புகள் பெரும்பாலும் தாமே நீங்கிவிடும். இங்கே தொழில் நடத்துபவர்கள் உள்ளே, சேவை தருபவர்கள் வெளியே.

12 சுற்றும் ஓட்ட வேண்டியதில்லை. எட்டு போதும், மொத்தம் 40 நிமிடம். ஒரு சுற்றில் பேச்சுக்கு நான்கு நிமிடம். இரண்டாவது நிமிட முடிவில் ஒற்றை மணி: இதுவரை கேட்டவர் பேசத் தொடங்க வேண்டும். இது இல்லாவிட்டால் வாயாடிகளே நான்கு நிமிடத்தையும் எடுத்துக்கொள்வார்கள். நான்கின் முடிவில் இரட்டை மணி. ஐந்தாவது நிமிடம் குறிப்பெழுதவும் இடம் மாறவும். மைக்கில் அறிவிப்பதைவிடக் கைமணி நல்லது. 12 பேர் ஒரே நேரத்தில் பேசும் அறையில் சத்தம் கூடினால் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள், அதனால் சத்தம் இன்னும் கூடும். வெளிவட்டத்தில் நாற்காலிக்கு நாற்காலி ஒன்றரை மீட்டர் விட்டால் ஓரளவு சமாளிக்கலாம். அதற்கு வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஆறு மீட்டர் வேண்டும்.

பேச்சைத் தொடங்கிவைக்கும் கேள்வியை ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்ற வேண்டும். "என்ன பண்றீங்க?" என்பதற்கே எட்டு முறை பதில் சொன்னால் மூன்றாவது முறையிலேயே மனப்பாடம் ஒப்பிப்பதுபோல ஆகிவிடும். முதல் சுற்றில் "நேற்று வேலையில் அதிக நேரம் எதற்குப் போனது?" என்று எளிதாகத் தொடங்கலாம். நடுவில் "இந்த மாதத்துக்குள் யாரைக் கண்டுபிடித்தாக வேண்டும்?", கடைசியில் "எனக்கு உதவக்கூடிய ஒருவர் பெயர் சொல்ல முடியுமா?" கேள்விகளை அட்டையில் எழுதி நாற்காலியோரம் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு: வெளிவட்டத்தாருக்குக் கேள்வி மாறும், உள்ளே இருப்பவரோ ஒரே கேள்விக்கு எட்டு முறை பதில் சொல்வார். திரையிலோ கரும்பலகையிலோ சுற்றுக்கொன்றாக எழுதுவதே சரி.

பெயர் அட்டைதான் இருக்கை வழிகாட்டியும்கூட. மேல் மூலையில் உள் 7, வெளி 7 என்று தொடக்க இடம், வட்டத்துக்கொரு நிறம். பெயர் இரண்டு மீட்டர் தள்ளியும் படிக்கும்படி பெரிதாக, நிறுவனப் பெயர் சிறிதாக. கீழே இரண்டே வரி, வந்தவரே கையால் எழுதுவது: "தேடுவது: பேக்கிங் டிசைன் செய்பவர்", "என்னைக் கேட்கலாம்: ஏற்றுமதி ஆவணங்கள்". கேள்வி எடுபடாத சுற்றிலும் இந்த வரிகள் பேச்சை ஓட்டிவிடும். கழுத்துப்பட்டையில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும், ஆகவே பெயர் இரு பக்கமும் இருக்கட்டும். குறிப்பெழுதத் தனித்தாள், எட்டுக் கட்டங்களோடு.

வர வேண்டியவர் வராமல் 23 பேரே வந்தால் உதவியாளர் ஒருவர் காலி இடத்தில் உட்காருவார். தாமதமாக வருபவரை நடுவில் நுழைக்கக் கூடாது. உள்ளும் வெளியுமாக இருவர் சேர்ந்த பிறகு அடுத்த மணியில் அருகருகே இரு நாற்காலி கூட்டலாம். இரட்டை மணிக்குப் பிறகும் பலர் எழ மறுத்தால் கவலையில்லை. பேச்சின் மிச்சம் தேநீர் வேளைக்குப் போகும். அதற்கு 20 நிமிடமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். மாறாக, மூன்றாவது நிமிடத்திலேயே பல ஜோடிகள் போனைப் பார்த்தால் அந்தக் கேள்வி எடுபடவில்லை; அடுத்த சுற்றுக்குக் கைவசம் உள்ள இன்னொன்றை எழுத வேண்டியதுதான்.