0.98 என்றாலும் கோடு தப்பு

2011 கணக்கெடுப்பு இந்திய மக்கள்தொகையை 121.1 கோடி என்றது. 1951 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த எண்கள், கோடிகளில்: 36.1, 43.9, 54.8, 68.3, 84.6, 102.9, 121.1. இந்த ஏழு புள்ளிகளுக்கு மீச்சிறு வர்க்க முறையில் ஒரு நேர்கோடு பொருத்தினால் பத்தாண்டுக்கு 14.4 கோடி கூடுகிறது என்று வரும். R² 0.98. பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தில் திருப்தியாக முடிந்துவிடும்.

முடிக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டுக்கும் உண்மையான எண்ணிலிருந்து கோடு சொல்லும் எண்ணைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் எச்சம். 1951-இல் கோடு சொல்வது 29.9 கோடி, எச்சம் +6.2. அடுத்து −0.4, −3.9, −4.8, −2.9, +1.0, கடைசியில் +4.8. கிடை அச்சில் ஆண்டு, நிலை அச்சில் எச்சம், நடுவே பூச்சியக் கோடு என்று வரைந்தால் ஒரு கிண்ணம் தெரியும். இரு முனைகளும் மேலே, நடுப்பகுதி கீழே.

கோடு பொருத்தமானதாக இருந்தால் எச்சங்கள் பூச்சியத்துக்கு மேலும் கீழும் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். வளைவு தெரிகிறது என்றால், தரவில் இருக்கும் ஏதோ ஒன்றைக் கோடு பிடிக்கவில்லை. இங்கே அது என்னவென்று ஊகிப்பது கடினமில்லை. கூடுவது ஒரே எண்ணிக்கையில் அல்ல. ஏற்கெனவே இருப்பவர்களின் விகிதத்தில். R² இதைக் காட்டாது. கோடு ஏறினாலே, புள்ளிகளும் கூடவே ஏறுவதால், அது பெரிதாக வந்துவிடும்.

அப்படியானால் மடக்கை எடுத்துவிட்டுக் கோடு போடலாமே? போட்டால் எச்சங்கள் பெரிதும் சுருங்குகின்றன. ஆனால் கிண்ணம் கவிழ்கிறது: 1951, 1961 இரண்டும் கீழே, 1971 ஏறக்குறையப் பூச்சியத்தில், 1981 முதல் 2001 வரை மேலே, 2011-இல் உண்மை எண் கணிப்பைவிட 3 சதவீதம் குறைவு. காரணம் தெளிவு. 1961–71-இல் 24.8 சதவீதமாக இருந்த வளர்ச்சி 2001–11-இல் 17.7 ஆகிவிட்டது. நிலையான வளர்ச்சி விகிதம் என்ற அனுமானமும் பொருந்தவில்லை. எனக்கு முதல் வளைவைவிட இந்த இரண்டாவது வளைவே சுவாரசியம். குடும்பங்கள் சிறுத்த வரலாறு அதில் இருக்கிறது.

ஏழு புள்ளிகளை வைத்து அதிகம் பேசக் கூடாதுதான். ஆனாலும் குறிகள் வரிசையாக இப்படி அமைந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. காரணமும் வேறு வழியில் தெரிந்திருக்கிறது.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: “நேர்கோட்டுப் பொருத்தத்தின் R² 0.98. ஆனால் எச்சங்கள் 1951-இலும் 2001, 2011-இலும் மேலாகவும் இடையில் கீழாகவும் அமைந்து வளைவைக் காட்டுகின்றன. மிகப்பெரிய எச்சம் 6.2 கோடி. எனவே இக்கோட்டை 2011-க்கு அப்பால் நீட்டிக் கணிக்கவில்லை.” வரைபடத்தையும் அருகிலேயே வையுங்கள். R² மட்டும் இருந்து எச்ச வரைபடம் இல்லாத அறிக்கை வந்தால், தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.