பி.எஃப். பணத்துக்கு வரிக் கழிவு உண்டா?

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சம்பளச் சீட்டோடு வந்தான். "மாமா, மாசாமாசம் பி.எஃப்.ல 7,200 ரூபாய் பிடிக்கிறாங்க. வருஷத்துக்கு 86,400. ஆனா வரி கணக்குல அதைக் கழிக்கவே இல்லையே, ஏன்?"

அவன் இருப்பது புதிய வரி முறையில். 2023-24 நிதியாண்டிலிருந்து, நாம் எதுவும் சொல்லாவிட்டால் தானாகவே அதில்தான் சேர்க்கப்படுகிறோம். அங்கே நம் கையிலிருந்து போகும் பி.எஃப்., பி.பி.எஃப்., என்.பி.எஸ். தொகை எதற்கும் கழிவு கிடையாது. 80சி பிரிவின் ஒன்றரை லட்சமும், என்.பி.எஸ்.ஸுக்குக் கூடுதலாக உள்ள 50,000 ரூபாயும் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே.

ஆனால் புதிய முறையிலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. நிறுவனமே நமக்காக என்.பி.எஸ். கணக்கில் செலுத்தினால், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். தனியார் ஊழியர்களுக்கு 10 சதவீதமாக இருந்த இந்த வரம்பு, புதிய முறையில் 2024-25 முதல் 14 ஆனது. 2025-26 வரையிலான படிவம் 16-ல் 80CCD(2) என்ற வரியில் இது வரும்.

அவன் கணக்கையே போட்டுப் பார்த்தோம். 2025-26-ல் மொத்தச் சம்பளம் 13,75,000 ரூபாய். நிலைக் கழிவு 75,000 போனால் வரிக்குரிய வருமானம் 13,00,000. வரி 75,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 3,000. ஆக 78,000 ரூபாய்.

அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, அகவிலைப்படி இல்லை. அதில் 14 சதவீதம் 8,400, ஆண்டுக்கு 1,00,800. இந்தத் தொகையைச் சிறப்புப் படியாகக் கையில் தராமல், ஏப்ரலிலிருந்தே நிறுவனம் என்.பி.எஸ்.ஸில் கட்டியிருந்தால் வரிக்குரிய வருமானம் 11,99,200 ஆகியிருக்கும். 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரித் தள்ளுபடி கிடைத்து, வரியே இருந்திருக்காது. மாதம் 8,400 ரூபாய் ஓய்வுக்கால சேமிப்புக்குப் போகும். கையில் வரும் சம்பளம் குறைவது சராசரியாக 1,900 ரூபாய்தான். எல்லாருக்கும் இவ்வளவு மிச்சம் வராது. இவன் 12 லட்சக் கோட்டை ஒட்டி நின்றதால் வந்தது. ஏற்கெனவே அந்தக் கோட்டுக்குள் இருப்பவருக்கு இதனால் வரி ஆதாயம் இல்லை.

பழைய முறையில் 80சி-யையும் என்.பி.எஸ். கழிவையும் முழுதாகப் பயன்படுத்தினாலும் அவனுக்கு 1,56,000 ரூபாய் வரி வந்தது. பெரிய வாடகைப் படியோ வீட்டுக் கடன் வட்டியோ இருப்பவர்கள் மட்டும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இதைப் பெற, நிறுவனம் என்.பி.எஸ்.ஸில் பதிவு செய்திருக்க வேண்டும். எச்.ஆர். பிரிவில் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். பிறகு சம்பள அமைப்பை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்து, நம் பிரான் எண்ணை அந்த நிறுவனத்தோடு இணைக்க வேண்டும். பிரான் என்பது என்.பி.எஸ். கணக்கின் நிரந்தர எண். இல்லாதவர்கள் புதிதாக எடுக்கலாம். ஏப்ரலிலேயே தொடங்குவது நல்லது. சம்பளமாக ஏற்கெனவே வாங்கிவிட்ட பணத்தை மார்ச்சில் நாமே கட்டி, நிறுவனம் கட்டியதாகக் காட்ட முடியாது.

பலரும் சறுக்குவது இங்கேதான். என் அக்கா மகனோடு வேலை பார்க்கும் ஒருவருக்குச் சம்பளத்தில் என்.பி.எஸ். பிடித்தம் இருந்தது, கழிவு வரவில்லை. அவருடைய என்.பி.எஸ். கணக்கு அறிக்கையைத் திறந்து பார்த்தால், தொகை முழுவதும் ஊழியர் பங்கு என்ற பத்தியில் ஏறியிருந்தது. நிறுவனப் பங்கு என்ற பத்தி காலி. பெயர் மாறியதால், புதிய முறையில் ஒரு ரூபாய்கூடக் கழியாது. முதல் மாதமே அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டால், எச்.ஆரிடம் சொல்லித் திருத்தலாம். ஆண்டு முடிந்ததும் நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றிதழில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பார்த்து, அதையே ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

பழைய முறையே லாபம் என்றால், ஆண்டுத் தொடக்கத்தில் நிறுவனத்திடம் சொல்லி, முதலீட்டு விவரங்களைக் கொடுக்க வேண்டும். சொல்ல மறந்த சம்பளக்காரர்கள் ரிட்டர்னிலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான். தாமதித்தால் புதிய முறைதான்.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், 2026-27 நிதியாண்டிலிருந்து தாள்களில் பிரிவு எண்கள் மாறியிருக்கும்.

அவனிடம் இன்னொன்றையும் சொன்னேன். என்.பி.எஸ். பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. கடைசியில் எடுக்கும்போதும், சேமிப்பு சிறியதாக இருந்தாலொழிய, ஒரு பகுதியை ஓய்வூதியம் தரும் திட்டத்தில் போட்டாக வேண்டும். அடுத்த வருடம் தங்கை கல்யாணத்துக்கு வேண்டிய பணம் அவனிடம் தனியாக இருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பினான். ஏப்ரல் சம்பளத்திலிருந்து தொடங்கும் என்று பதில் வந்தது.